பதில் வந்த முதல் மின்னஞ்சல்

இதைக் கதையாகவே சொல்கிறேன். கோயம்புத்தூரில் ஒரு சின்ன நிறுவனம். நூற்பாலைகளில் ஓடும் ஏர் கம்ப்ரசர்களையும் காற்றுக் குழாய்களையும் சோதித்து, காற்று எங்கே வீணாகிறது என்று கண்டுபிடித்து அடைப்பதுதான் அவர்கள் தொழில். அங்கே விற்பனைப் பிரிவில் ஓர் இளம்பெண் சேருகிறாள். அவளுக்கு அது முதல் வேலை. புதியவர்களிடம் போனில் பேச வேண்டும் என்றாலே தொண்டை வறண்டுவிடும். அதனால் மின்னஞ்சலில் ஆள் பிடிக்கிறேன் என்று அவளே கேட்டு வாங்கிக்கொள்கிறாள்.

அவள் முதலில் எழுதியது, கூச்சப்படுகிறவர்கள் வழக்கமாக எழுதுகிற கடிதம்தான். ‘மதிப்பிற்குரிய ஐயா / அம்மா, தங்கள் பொன்னான நேரத்தில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும்’ என்று தொடங்கியது. அதற்குப் பிறகு நிறுவனம் தொடங்கிய வரலாறு, செய்யும் வேலைகளின் பட்டியல், வாடிக்கையாளர்களின் பட்டியல். கடைசி வரி, ‘தங்கள் மேலான பதிலை எதிர்நோக்குகிறோம்’. கூடவே கனமான ஒரு பிரௌஷர். மில்களின் வெப்சைட்டுகளில் கிடைத்த info@ முகவரிகளை எல்லாம் பி.சி.சி.யில் போட்டு ஒரே தட்டில் அனுப்பிவிட்டாள்.

பதிலே வரவில்லை. சில முகவரிகளிலிருந்து ‘சேர்க்க முடியவில்லை’ என்று திரும்பி வந்தது. அதைவிட மோசமானது அடுத்த வாரம் தெரிந்தது. பழைய வாடிக்கையாளர் ஒருவருக்கு அலுவலகத்திலிருந்து போன கொட்டேஷன், அவருடைய ஸ்பேம் பெட்டியில் கிடந்தது. முன்பின் தெரியாத நிறையப் பேருக்கு ஒரே கடிதம் போய், அதில் சிலர் ‘ஸ்பேம்’ என்று அழுத்திவிட்டால், அனுப்பிய நிறுவனத்தின் டொமைன் பெயரே சந்தேகப் பட்டியலில் ஏறிவிடும். அதன் பிறகு அந்த அலுவலகத்திலிருந்து யார் எழுதினாலும் அடி விழும். மொத்தமாக அனுப்பினால் நஷ்டம் ஒன்றும் இல்லை என்று பலர் நினைப்பது அதனால்தான் தவறு.

அந்தக் கடிதத்தில் உண்மையில் இல்லாதது எது? கேள்வி. படித்தவர் என்ன செய்ய வேண்டும் என்று அதில் எங்கும் சொல்லவில்லை. கூச்சம் ஒளிந்துகொள்ளும் இடமே அதுதான். கேட்டால் மறுத்துவிடுவார்களோ என்ற பயத்தில் கேட்காமலே விட்டுவிடுகிறோம். கேட்காத இடத்தைப் பெருமையாலும் மன்னிப்பாலும் நிரப்புகிறோம், கடிதம் நீண்டுகொண்டே போகிறது.

அலுவலகத்தில் சர்வீஸ் வேலை பார்க்கும் மூத்தவர் ஒருவர் இருந்தார். மில்லுக்கு மில் போய்வருகிறவர். அவரிடம் போய் நின்றாள்.

“அண்ணா, மில்லுல இந்த லெட்டரை யார் படிப்பாங்க?”

“முதலாளி படிக்கமாட்டார் கண்ணு. மெயின்டனன்ஸ் மேனேஜருக்கு எழுது. கரண்ட் பில்லு ஏறுச்சுன்னா கேள்வி அவரைத்தான் கேப்பாங்க. மில்லு நிக்கிற அன்னைக்குக் கம்ப்ரசர் ரூம் பக்கம் போனாலே தெரியும். ஒரு மெஷின் ஓடாது, ஆனா கம்ப்ரசர் மட்டும் மூச்சு வாங்கிட்டு இருக்கும். அத்தனையும் லீக்குங்க.”

இந்தப் பேச்சில்தான் அவளுக்குக் கடிதம் கிடைத்தது. அப்போது ஜனவரி முதல் வாரம், பொங்கலுக்கு மில்கள் நிற்கப்போகிற நேரம். ஒரு மில், ‘புதிய ஆட்டோகோனர் பிரிவுக்கு ஃபிட்டர் தேவை’ என்று விளம்பரம் கொடுத்திருந்தது. அந்த மில்லின் மெயின்டனன்ஸ் மேனேஜருடைய விசிட்டிங் கார்டை ஜவுளி இயந்திரக் கண்காட்சியில் மூத்தவர் வாங்கி வைத்திருந்தார். அந்த ஒருவருக்கு மட்டும் எழுதினாள். அவள் ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் தருகிறேன்.

பொருள்: பொங்கல் லீவில் ஒரு கம்ப்ரசர் சோதனை

‘வணக்கம் சார். உங்கள் மில்லில் ஆட்டோகோனர் பிரிவு வருவதை வேலை விளம்பரத்தில் பார்த்தேன். காற்றுத் தேவை கூடும். புதிய கம்ப்ரசர் வாங்குவதற்கு முன், இருப்பதில் எவ்வளவு லீக்காகப் போகிறது என்று பார்த்துவிடலாம். மில் நிற்கும்போது கம்ப்ரசரை மட்டும் ஓட்டி, எத்தனை நிமிடம் லோடில் ஓடுகிறது, எத்தனை நிமிடம் அன்லோடில் இருக்கிறது என்று குறித்தால் போதும். இதற்கு எங்கள் ஆள் வர வேண்டியதில்லை. அந்த இரண்டு எண்களை அனுப்பினால், கணக்குப் போட்டு அனுப்பட்டுமா?’

கீழே பெயர், நிறுவனம், போன் நம்பர். அவ்வளவுதான். பிரௌஷர் இல்லை. பொருள் வரி செல்போன் திரையில் வெட்டுப்படாமல் தெரிகிற நீளம்.

இந்தக் கடிதத்தை வேறொரு மில்லுக்கு அப்படியே அனுப்ப முடியாது என்பதைக் கவனியுங்கள். முதல் வரியைப் படித்ததுமே அவருக்கு இது தனக்குத்தான் எழுதப்பட்டது என்று தெரிந்துவிடும். இதை ஏன் இப்போது எழுதினாள் என்பதற்கும் பொங்கல் லீவு காரணமாக நிற்கிறது. எதுவும் வாங்காமலே அவருக்கு ஒரு பயன் கிடைக்கிறது. கேட்டிருப்பதோ இரண்டே எண்கள், வண்டிக்குக் காத்திருக்கும்போதே போனில் தட்டி அனுப்பிவிடலாம். ‘அரை மணி நேரம் சந்திக்க முடியுமா’ என்று கேட்டிருந்தால் அவர் டைரியைப் பார்த்திருப்பார், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருப்பார்.

லீவு முடிந்த பிறகும் பதில் இல்லை. மறுபடி எழுதுவதற்குக் கை வரவில்லை அவளுக்கு. ஒருவரைத் தொந்தரவு செய்வதற்கும் நினைவூட்டுவதற்கும் இடையில் கோடு எங்கே என்று பலருக்கும் குழப்பம் உண்டு. ‘என் மெயிலைப் பார்த்தீர்களா’ என்று மட்டும் எழுதினால் அது தொந்தரவு. புதிதாக ஒன்றைக் கொண்டுபோனால் அதைப் படிப்பார்கள். அதே கடிதத்தின் கீழேயே இரண்டு வரி சேர்த்தாள்: ‘ஒரு விஷயம் விட்டுப்போயிற்று சார். உங்களுடையது வி.எஃப்.டி. கம்ப்ரசராக இருந்தால் இந்தச் சோதனை பொருந்தாது. அப்படியானால் சொல்லுங்கள், வேறு முறை இருக்கிறது.’

அன்று மாலையே பதில் வந்தது. ‘வி.எஃப்.டி. இல்லை. லோடு 3 நிமிடம், அன்லோடு 5. 500 சி.எஃப்.எம். மெஷின். என்ன அர்த்தம்?’

மூத்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டாள். மொத்தம் 8 நிமிடத்தில் 3 நிமிடம் லோடு, அதாவது 37.5 சதவீதம். எந்த மெஷினும் காற்று எடுக்காத நேரம் என்பதால் அத்தனையும் லீக், சுமார் 187 சி.எஃப்.எம். நூறு சி.எஃப்.எம். காற்றை அழுத்த ஏறத்தாழ 18 கிலோவாட் வேண்டும் என்றால், இதற்கு சுமார் 34 கிலோவாட் போகிறது. மில் நாள் முழுக்க ஓடினால் ஏறக்குறைய 800 யூனிட். யூனிட் 7 ரூபாய் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 5,600 ரூபாய்.

அந்தத் தொகையை அப்படியே எழுதி, ‘உடனே சேமிக்கலாம்’ என்று முடித்திருந்தால் கடிதம் கவர்ச்சியாக இருந்திருக்கும். மேனேஜரோ பல வருடம் கம்ப்ரசரோடு வாழ்ந்தவர், நம்பியிருக்க மாட்டார். அவள் எழுதியது இது: ‘இது மேலோட்டமான கணக்கு சார். பல தடவை அளந்து சராசரி எடுத்தால்தான் சரியாக இருக்கும். லீக் முழுவதையும் யாராலும் அடைக்க முடியாது. நன்றாகப் பராமரிக்கிற இடத்திலும் 10 சதவீதம் வரை போகும். அதுவரை குறைக்க முடியுமா என்பது குழாய்களைப் பார்த்தால்தான் தெரியும். அடுத்த வாரம் மீட்டரோடு எங்கள் சர்வீஸ் ஆள் வரட்டுமா?’

‘புதன்கிழமை 10 மணிக்கு வரச் சொல்லுங்க. நீங்களும் வாங்க’ என்று பதில் வந்தது.

இதே முறையில் அவள் எழுதிய மற்ற கடிதங்களில் பாதிக்கு மேல் பதில் இல்லாமலே போயின. ‘எங்களுக்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறார்கள்’ என்று ஒருவர் எழுதினார். அவருக்கு நன்றி சொல்லி, பட்டியலிலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டாள். மெயிலை எத்தனை பேர் திறந்தார்கள் என்று காட்டும் கருவி ஒன்றை அலுவலகத்தில் கொடுத்தார்கள். அந்த எண்ணை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2021 முதல் ஆப்பிளின் மெயில் செயலி, படிப்பவர் திறக்காமலே படங்களை முன்கூட்டி இறக்கிவைக்கும் வசதியைத் தருகிறது. அதனால் திறக்காத கடிதமும் திறந்ததாகக் கணக்கில் ஏறும். அவள் நோட்டில் இரண்டு பத்திகள்தான் இருந்தன: யாருக்கு எழுதினேன், என்ன பதில் சொன்னார்கள்.