பயிர் அழுகும் முன்பே முடிந்துபோகும் கெடு

வயலில் வெள்ளம் புகுந்தால் நெல் விவசாயி முதலில் வடிகாலைத்தான் வெட்டுவார். தண்ணீர் வடிந்தபின் குருத்து பச்சையாக இருக்கிறதா என்று பார்ப்பார். அதற்குள் காப்பீட்டுக்கான நேரம் கடந்துபோய்விடுகிறது.

பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், தனி வயலின் வெள்ளப் பாதிப்பை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். நெல்லுக்கு இந்தத் தனிவயல் இழப்பீடு 2018இல் நீக்கப்பட்டது. ஊர் முழுக்க விளைச்சல் குறைந்தால்தான் பணம் என்றானது. 2026 காரிப் பருவம் முதல் அது திரும்பவும் வரும் என்று மத்திய அரசு 2025 நவம்பரில் அறிவித்தது. நல்ல மாற்றம்தான். ஆனால் கெடு அப்படியே இருக்கிறது.

சாதாரண நெல் ரகம் முழுதும் மூழ்கினால் ஏறக்குறைய ஒரு வாரம் தாங்கும். மூழ்குவதைத் தாங்கவென்றே உருவான சி.ஆர். 1009 சப் 1 இரண்டு வாரம்வரை தாக்குப்பிடிக்கும். ஆக, பயிர் செத்ததா பிழைத்ததா என்பது தெரியும் முன்பே மூன்று நாள் முடிந்துவிடும். பொய்க் கோரிக்கையைத் தடுக்கக் கெடு வேண்டும் என்கிறது காப்பீட்டுத் தரப்பு. வேண்டும்தான், ஆனால் அது பயிரின் கணக்கோடு ஒத்துப்போக வேண்டாமா?

இப்படி ஒரு நிலைமையை வைத்துப் பாருங்கள். திருவாரூர் பக்கம் மூன்று ஏக்கர் சம்பா. ஒரே சர்வே எண்ணில் இரண்டு உட்பிரிவு, ஒன்று இரண்டு ஏக்கர், மற்றது ஒன்று. நவம்பர் 27 வெள்ளி இரவு வாய்க்கால் உடைகிறது. கெடு 30ஆம் தேதி திங்கள் இரவோடு சரி. நடுவில் சனி, ஞாயிறு. மின்சாரமும் இருக்காது. இவர் சனிக்கிழமையே 14447க்குப் பேசி, புகார் எண்ணை அடங்கல் நகலின் ஓரத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். திங்கள் காலை வேளாண் அலுவலகத்தில் எழுத்து மனு கொடுத்து, நகலில் தேதியுடன் கையெழுத்து வாங்க வேண்டும். மனுவில் இரண்டு உட்பிரிவையும் தனித்தனியே எழுதி, எதில் எவ்வளவு மூழ்கியது என்று குறிப்பிடுவது முக்கியம். மொத்தமாக "மூன்று ஏக்கர்" என்று எழுதினால், காப்பீட்டு ரசீதோடு ஒப்பிடும்போது சிக்கல் வரும்.

படங்களிலும் இதே கவனம் வேண்டும். வெறும் தண்ணீர்ப் படம் யாருடைய வயலுக்கும் பொருந்தும். இடமும் நேரமும் பதிவாகும்படி எடுங்கள். முதல் படத்தில் எல்லைக்கல்லோ மின்கம்பமோ தெரியட்டும். இரண்டாவதில் தண்ணீரில் ஊன்றிய கம்பு ஆழத்தைக் காட்டட்டும். வடிந்தபின் அதே இடத்தில் நின்று, பிடுங்கிய தூரின் அழுகிய வேரையும் குருத்தையும் எடுங்கள். ஆய்வுக்கு வரும் நாளில் வயல் காய்ந்திருக்கலாம்; அப்போது பேசுவது இந்தப் படங்கள்தான்.

முதல் தகவலை 72 மணி நேரத்தில் வாங்கிக்கொண்டு, சேதத்தைத் தண்ணீர் வடிந்து ஒரு வாரம் கழித்து அளக்கும்படி விதியைத் திருத்த வேண்டும். அதுவரை, பயிர் பிழைக்கும் என்று தோன்றினாலும் தகவலைக் கொடுத்துவிடுங்கள்.