வேலையை விட்டவரின் சாவி சர்வரில் இன்னும் இருக்கிறதா?

2018 ஏப்ரலில் சிஸ்கோவை விட்டு விலகிய ஒரு பொறியாளர், அதே ஆண்டு செப்டம்பரில் அந்நிறுவனத்தின் அமேசான் கிளவுடுக்குள் புகுந்து 456 மெய்நிகர் கணினிகளை அழித்தார். வெபெக்ஸ் டீம்ஸ் சேவையில் 16,000-க்கும் மேற்பட்ட கணக்குகள் இரண்டு வாரம் வரை முடங்கின. அவருக்கு இரண்டு ஆண்டு சிறைத்தண்டனை கிடைத்தது. ஆள் போன பிறகும் வழி திறந்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இது சாட்சி.

ஒருவர் விலகும் நாளில் அவருடைய மெயிலை நிறுத்தி, பாஸ்வேர்டைப் பூட்டிவிடுகிறார்கள். ஆனால் லினக்ஸ் சர்வருக்குள் பலரும் நுழைவது எஸ்எஸ்ஹெச் சாவியால். இந்தச் சாவி இரண்டு பகுதி கொண்டது. ரகசியப் பகுதி அவர் லேப்டாப்பில் இருக்கும். பொதுப் பகுதி சர்வரில் `authorized_keys` என்ற கோப்பில் ஒரு வரியாகக் கிடக்கும். அந்த வரி இருக்கும்வரை பாஸ்வேர்டு தேவையே இல்லை. அதனால் `passwd -l` கொடுத்துப் பாஸ்வேர்டைப் பூட்டினாலும் அவரால் உள்ளே வர முடியும். அவருக்கென்று தனிக் கணக்கு இருந்தால் `usermod --expiredate 1` கொடுத்து அந்தக் கணக்கையே காலாவதியாக்க வேண்டும்.

சிக்கல் பொதுக் கணக்கில்தான். `deploy` என்ற ஒரே கணக்கை ஐந்து பேர் பயன்படுத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதைப் பூட்டினால் மற்ற நால்வரின் வேலையும் நின்றுவிடும். விலகியவரின் வரியை மட்டும் நீக்க வேண்டும். வரியின் கடைசியில் உள்ள பெயர் வெறும் குறிப்பு. யாரும் எதையும் எழுதியிருக்கலாம். நம்பத்தக்கது சாவியின் ஃபிங்கர்பிரிண்ட் மட்டுமே:

```
ssh-keygen -lf /home/deploy/.ssh/authorized_keys
```

நீக்குமுன் சர்வர் பதிவேட்டில் `Accepted publickey` என்ற வரிகளைப் பாருங்கள். அதே ஃபிங்கர்பிரிண்ட் தினமும் இரவு இரண்டு மணிக்கு வருகிறதா? அப்படியானால் அவர் எழுதிவைத்த பேக்கப் ஸ்கிரிப்ட் அந்தச் சாவியில் ஓடிக்கொண்டிருக்கக்கூடும். ஸ்கிரிப்டுக்குத் தனிச் சாவி கொடுத்துவிட்டுப் பழையதை அழியுங்கள். வரியை நீக்கினாலும் ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பு அறுந்துவிடாது. `who` கொடுத்துப் பார்த்து அதையும் துண்டிக்க வேண்டும்.

டோக்கன்களிலும் இதே கவனம் தேவை. கிட்ஹப்பில் ஒருவரை நிறுவனக் கணக்கிலிருந்து நீக்கினால், அவருடைய சொந்த டோக்கனால் நிறுவனத்தின் பிரைவேட் கோடைத் திறக்க முடியாது. ஆனால் அவர் சேர்த்துவைத்த டிப்ளாய் கீ அப்படியே உயிரோடு இருக்கும். அமேசான் அக்சஸ் கீயை முதலில் செயலிழக்கச் செய்து, எதுவும் நிற்கவில்லை என்று சில நாள் பார்த்த பிறகு அழிப்பது நல்லது. தவறிருந்தால் உடனே மீட்கலாம்.

அவரிடம் ரூட் அதிகாரம் இருந்திருந்தால் ஒரு சாவியை நீக்கியதோடு வேலை முடியாது. வேறு கணக்கில் இன்னொரு சாவி இருக்கலாம். குழுவின் பொதுச் சாவியும் டேட்டாபேஸ் பாஸ்வேர்டும் அவர் கையில் நகலாக இருக்கலாம். எல்லாக் கணக்குகளின் `authorized_keys` கோப்புகளையும் பார்த்து, அவருக்குத் தெரிந்த ரகசியங்கள் அனைத்தையும் மாற்ற வேண்டும். எந்தச் சாவி யாருடையது என்ற பதிவேட்டை, ஒருவர் வேலைக்குச் சேரும் நாளிலேயே தொடங்குங்கள். அது இல்லாமல் விலகும் நாளில் தேடினால் எதை நீக்குவது என்றே தெரியாது.