தும்பிக்கை ‘லை’யும் புதிய ‘லை’யும்



மெல்பர்னில் நாங்கள் நடத்தும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில், போன தவணை ஒரு பையன் தன் அம்மம்மாவின் சமையல் குறிப்பேட்டைக் கொண்டுவந்தான். அதிலிருந்து ஒரு குறிப்பைச் சத்தமாக வாசிக்கச் சொன்னேன். நன்றாக வாசிக்கும் பிள்ளை அவன். ஆனால் தலைப்பில் இருந்த ‘இறால்’ என்ற சொல்லை ‘இறுல்’ என்றான். அடுத்த வரியில் ‘தலையை நீக்கி’ என்ற இடத்தில் நின்றேவிட்டான். “டீச்சர், இது தமிழா?” என்று கேட்டான்.

தமிழ்தான். 1978க்கு முன் பள்ளிக்குப் போன ஒருவரின் தமிழ். இந்தத் தவணையின் பத்து வாரங்களில் பிள்ளைகள் எந்த வடிவங்களை எழுதப் போகிறார்கள், எவற்றை வாசிக்க மட்டும் கற்கப் போகிறார்கள் என்பதைச் சொல்ல அந்தக் குறிப்பேட்டையே எடுத்துக்கொள்கிறேன்.

பழைய எழுத்தில் ணா, றா, னா என்ற மூன்றுக்கும் தனியே துணைக்கால் கிடையாது. எழுத்தின் கடைசிக் கோடே கீழே இறங்கிச் சுழிந்து, வலப்பக்கமாக மேலே வரும். அந்தச் சுழிவைப் பார்த்த பையன் ‘று’ என்று எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை. ணை, லை, ளை, னை என்ற நான்குக்கும் இணைக்கொம்பு தனியாக நிற்காது. எழுத்தின் முன்னால் ஒரு வளைவு எழும்பி அதன் தலையோடு ஒட்டிக்கொள்ளும். யானைத் தும்பிக்கைபோல இருப்பதால் ‘தும்பிக்கை லை’ என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அந்த வடிவங்களை இங்கே அச்சிட்டுக் காட்ட முடியவில்லை. இன்றைய கணினி எழுத்துருக்களில் பெரும்பாலானவை புதிய வடிவத்தையே தருகின்றன. ‘லை’ என்று தட்டினால் கணினி சேமிப்பது ‘ல’வையும் ஐகாரக் குறியையும்தான். அதற்கு என்ன உருவம் என்பதை எழுத்துரு தீர்மானிக்கிறது. அதனால் பழைய புத்தகம் ஒன்றை யாராவது தட்டச்சு செய்து அனுப்பினால், தும்பிக்கை தானாகவே மறைந்துவிடும். பிள்ளைகள் பழைய வடிவத்தைச் சந்திப்பது காகிதத்தில் மட்டுமே.

மாற்றம் ஒரே நாளில் வரவில்லை. பெரியார் 1935லேயே தம் ‘குடி அரசு’ இதழில் சீர்திருந்திய எழுத்துகளைப் பயன்படுத்தத் தொடங்கினார். கா, சா, தா எல்லாம் துணைக்கால் பெறும்போது மூன்று எழுத்துகள் மட்டும் ஏன் விலகி நிற்கவேண்டும் என்பதே கேள்வி. அச்சுக்கூடத்தில் அந்த ஒவ்வொன்றுக்கும் தனி அச்சு வார்க்கவேண்டியிருந்தது. எம்.ஜி.ஆர். அரசு 1978இல் ஆணை பிறப்பித்து அவற்றை அதிகாரபூர்வமாக்கியது. மாறியவை 13 எழுத்துகள்: ணா, றா, னா, ணை, லை, ளை, னை, ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ. பெரியார் ‘ஐ’யை ‘அய்’ என்றும் ‘ஔ’வை ‘அவ்’ என்றும் எழுதியது அந்த ஆணையில் இடம்பெறவில்லை.

பதின்மூன்று என்றதும் பயப்படவேண்டாம். கடைசி ஆறும் முதல் மூன்றிலிருந்தே வருபவை. ‘றா’வின் பழைய வடிவத்துக்கு முன்னால் ஒற்றைக்கொம்பு போட்டால் ‘றொ’, இரட்டைக்கொம்பு போட்டால் ‘றோ’. ஆக, கண் பழகவேண்டிய புது உருவங்கள் ஏழுதான். அம்மம்மாவின் குறிப்பில் அந்த ஏழில் ஐந்து இருந்தன: இறால், தலை, பானை, ‘அடுப்பை அணைத்து’, ‘கண்ணாடிப் போத்தல்’. ‘மற்றொரு சட்டியில்’ என்ற இடத்தில் கொம்போடு வரும் வடிவமும் இருந்தது. இந்தச் சொற்களைக் கரும்பலகையில் இரண்டு வடிவத்திலும் எழுதிப் போட்டதும், அன்றைக்கே அவன் மீதிப் பக்கத்தை வாசித்து முடித்தான்.

எங்கள் முடிவு இதுதான். எழுதுவது எல்லா வகுப்புக்கும் புதிய வடிவம் மட்டுமே. பழைய வடிவம் மேல் வகுப்புப் பிள்ளைகளுக்கு, அதுவும் வாசிப்பதற்கு மட்டும், கடைசி இரண்டு வாரம். கீழ் வகுப்பில் இரண்டையும் ஒன்றாகக் காட்டினால் என்ன ஆகும் என்பதை முன்பு ஒரு தவணையில் பார்த்தேன். பிள்ளைகள் தும்பிக்கையைப் போட்டுவிட்டு இணைக்கொம்பையும் சேர்த்து எழுதினார்கள். ஆகவே வீட்டில் எழுதிக் காட்டும்போது நீங்களும் புதிய வடிவத்தில் எழுதுங்கள். இலங்கையில் படித்த பெற்றோர் சிலருக்குக் கை பழைய வடிவத்துக்கே போகும். தமிழ்நாட்டு ஆணை அங்கே செல்லாது. பழைய கையெழுத்து அங்கு பிறகும் பல ஆண்டுகள் இருந்தது. அது தவறு என்று பிள்ளை சொன்னால், “அது முந்தைய வடிவம்” என்று திருத்துங்கள். தாத்தா பாட்டியின் எழுத்தைப் பிழை என்று எந்தப் பிள்ளையும் நினைக்கக்கூடாது. இதில் நான் பிடிவாதமாகவே இருக்கிறேன்.

முதல் இரண்டு வாரம் துணைக்காலும் இணைக்கொம்பும். நடுவில் உள்ள ஆறு வாரமும் உகர, ஊகார வரிசைக்கு. சீர்திருத்தம் தொடாத வரிசை அது. அதற்கும் தனிக் குறி வைக்கலாம் என்று வா.செ. குழந்தைசாமி போன்றோர் வாதிட்டார்கள்; நடைமுறைக்கு வரவில்லை. பிள்ளைகள் அதிகம் தடுமாறுவதும் இங்கேதான். க முதல் ன வரை அட்டவணை வரிசையில் எழுத வைத்தால் ஒவ்வோர் எழுத்தும் புதிதாகத் தோன்றும். அதனால் மூன்று குடும்பமாகப் பிரித்துக்கொள்கிறோம். ஙு, சு, பு, யு, வு ஐந்திலும் ஒரு கோடு நேராகக் கீழே இறங்கும். கு, டு, மு, ரு, ழு, ளு ஆறிலும் கோடு வளைந்து சுற்றிவரும். ஞு, ணு, து, நு, லு, று, னு ஏழிலும் கோடு கீழே போய் மடிந்து வலப்பக்கம் மேலேறும். மூன்றாவது குடும்பத்துக்கு நெடில் எளிது: அதே எழுத்தோடு கடைசியில் ஒரு கால் சேர்ந்தால் தூ, நூ, லூ. ‘கூ’ எந்தக் குடும்பத்திலும் அடங்காது. அதைத் தனியாகவே மனத்தில் இருத்தவேண்டும்.

வீட்டுப்பாடத்தைப் பார்க்கும்போது இரண்டு இடங்களைக் கவனியுங்கள். ‘நூல்’ என்பதில் கால் விடுபட்டு ‘நுல்’ ஆகியிருக்கிறதா? பிள்ளை வாயால் நீட்டிச் சொல்லிவிட்டுக் கையால் குறுக்கிவிடும். எழுதியதை அதனிடமே வாசிக்கச் சொன்னால் தானே கண்டுபிடிக்கும். அடுத்தது ‘ணு’வும் ‘னு’வும். வால் எழுதும் அவசரத்தில் மூன்று சுழி இரண்டாகிவிடும். முதலில் ‘ண’வை முழுதாக எழுதி, பென்சிலை நிறுத்தி, பிறகு வாலைத் தொடரப் பழக்குகிறோம். ஒரு நாளைக்கு நான்கு சொல் போதும், பக்கம் நிறைய வேண்டாம். பத்தாவது வரிக்கு மேல் எழுத்து சாயத் தொடங்கினால், அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

ஒன்பதாம் வாரத்துக்கு மேல் வகுப்புப் பிள்ளைகள் வீட்டில் உள்ள பழைய கையெழுத்து ஏதாவது ஒரு பக்கம் கொண்டுவரவேண்டும்: கடிதம், கணக்கு, மளிகைப் பட்டியல், கல்யாண அழைப்பிதழின் பின்புறக் குறிப்பு எதுவானாலும் சரி. மூலத்தை அனுப்பாதீர்கள், நகல் போதும். முன்பின் தெரியாதவர் எழுதியதைவிடத் தெரிந்தவர் எழுதியது நல்லது. புரியாத சொல்லைத் தொலைபேசியில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். இறால் குறிப்புப் பையன் அப்படித்தான் கேட்டான். அம்மம்மா பதிலோடு நிற்காமல், குறிப்பில் விட்டுப்போன மிளகாய்த்தூள் அளவையும் சொல்லியிருக்கிறார். அவன் அதை ஓரத்தில் தன் கையால், புதிய வடிவத்தில் எழுதிச் சேர்த்திருக்கிறான்.