காலை எடையும் கணுக்கால் குழியும்

எக்கோ எடுத்துப் பார்த்து "பம்ப்பிங் கம்மியா இருக்கு" என்று டாக்டர் சொன்ன ஒருவரை, மூச்சுத்திணறலோடு மருத்துவமனையில் சேர்த்து, உடம்பில் தேங்கிய நீரை வடித்து வீட்டுக்கு அனுப்பும்போது மாத்திரைச் சீட்டோடு இன்னொரு வேலையும் தருவார்கள். தினமும் எடை பார்த்து எழுதி வையுங்கள் என்பார்கள். பல வீடுகளில் அந்த நோட்டு ஒரு மாதம்கூடத் தாண்டுவதில்லை. எந்த எண் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று தெரியாமல் வெறும் எண்களை எழுதிக்கொண்டே இருந்தால் யாருக்கும் அலுத்துத்தான் போகும்.

இதய பலவீனத்தில் எடைக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்? இதயம் போதுமான ரத்தத்தைத் தள்ளாதபோது சிறுநீரகம் அதை நீர்ப் பற்றாக்குறை என்று எடுத்துக்கொண்டு உப்பையும் நீரையும் உடம்பிலேயே பிடித்து வைக்கிறது. ஒரு லிட்டர் நீர் தேங்கினால் எடை ஒரு கிலோ கூடும். மூன்று நாளில் இரண்டு கிலோ சதை யாருக்கும் போடாது. அவ்வளவு வேகமாக ஏறுவது அநேகமாக நீர்தான். காலில் வீக்கம் கண்ணுக்குத் தெரிவதற்குள் உடம்பில் சில லிட்டர் நீர் சேர்ந்துவிடலாம். மூச்சுத்திணறல் அதற்கும் பிறகு வரலாம். மருத்துவமனையில் சேரும் அளவுக்கு முற்றுவதற்குப் பல நாள் முன்பே பலருக்கும் எடை ஏறத் தொடங்கிவிடுகிறது. மாத்திரையைச் சற்று மாற்றியே சரிசெய்யக்கூடிய நாட்கள் அவை.

எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒரே ஒரு எண். தேங்கிய நீரெல்லாம் வடிந்து, வீக்கமோ மூச்சு வாங்கலோ இல்லாமல் இருக்கும்போது உங்கள் எடை என்ன? அதை 'டிரை வெயிட்' என்பார்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் இருப்பது மருத்துவமனை மெஷின் காட்டிய எடை. உங்கள் வீட்டு மெஷின் அதைவிட அரை கிலோ, ஒரு கிலோ வித்தியாசம் காட்டலாம். அதனால் வீடு திரும்பிய மறுநாள் காலையிலேயே வீட்டு மெஷினில் ஏறிப் பார்த்து, அந்த எண்ணை டாக்டரிடம் சொல்லி, "இதையே அடிப்படையாக வைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.

பார்க்கும் முறை எளிது. காலையில் எழுந்து, சிறுநீர் கழித்துவிட்டு, காபி குடிப்பதற்கு முன், அதே மாதிரி லேசான உடையில் ஏற வேண்டும். மெஷின் பாய், கார்ப்பெட் மீது இல்லாமல் சிமெண்ட் அல்லது டைல்ஸ் தரையில், எப்போதும் ஒரே இடத்தில் இருக்கட்டும். நிற்கும்போது சுவரையோ பேரனின் தோளையோ பிடித்தால் எடை குறைத்துக் காட்டும். எழுத நோட்டே வேண்டும் என்றில்லை. மளிகைக் கடையில் தரும் மாதக் காலண்டரின் கட்டத்தில் எழுதி மாட்டினால், வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும் என்பதால் அதுவே எனக்கு மேலாகத் தோன்றுகிறது.

எடைக்குப் பக்கத்தில் வீக்கத்தையும் எழுத வேண்டும். கணுக்காலுக்குச் சற்று மேலே, முன்னெலும்பின் மீது கட்டைவிரலால் ஐந்து விநாடி அழுத்தி எடுங்கள். குழி விழுந்து அப்படியே நின்றால் அது நீர் வீக்கம். குழி கணுக்காலோடு நிற்கிறதா, முழங்கால் வரை ஏறிவிட்டதா என்று குறித்துக்கொள்ளுங்கள். நாள் முழுதும் நின்றால் மாலையில் கால் வீங்குவது பலருக்கும் உண்டு. காலையில் எழும்போதே குழி விழுந்தால் அதைக் கவனிக்க வேண்டும். கொலுசு இறுக்குவது, செருப்பு வார் பதிவது, பாவாடை நாடாவைத் தளர்த்திக் கட்ட வேண்டியிருப்பது எல்லாமும் எழுத வேண்டிய சேதிகள்தான். படுக்கையிலேயே இருப்பவருக்கு நீர் கீழ் முதுகில் தேங்கும். அங்கே அழுத்திப் பாருங்கள். கடைசியாக ஓர் எண்: நேற்றிரவு எத்தனை தலையணை வைத்துத் தூங்கினீர்கள்?

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். அறுபது வயதைத் தாண்டிய ஒருவரின் டிரை வெயிட் 64 கிலோ. புதன் காலை 64.2, குழி இல்லை, ஒரு தலையணை. வியாழன் 64.9. வெள்ளி 65.6, கணுக்காலில் லேசான குழி, இரண்டு தலையணை. சனி 66.3. எந்த ஒரு நாளிலும் ஒரு கிலோகூட ஏறவில்லை. நேற்றோடு மட்டும் ஒப்பிட்டிருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது. புதனோடு ஒப்பிட்டால் மூன்று நாளில் 2.1 கிலோ. சனிக்கிழமை காலையே மகள் டாக்டரை அழைக்கிறார். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "புதுசா ஏதாவது மாத்திரை போட்டாரா?" முழங்கால் வலிக்கு மருந்துக்கடையில் வாங்கிய டைக்ளோஃபெனாக் மாத்திரையை நான்கு நாளாகப் போட்டிருக்கிறார். இந்த வகை வலிமாத்திரைகள் உப்பையும் நீரையும் தேக்கிவிடும். அதை நிறுத்தி, நீர் மாத்திரையைச் சில நாளைக்குக் கூட்டச் சொல்கிறார் டாக்டர். அடுத்த புதன் 64.3.

எப்போது அழைப்பது என்ற விதிகளை டாக்டரிடமே எழுதி வாங்குங்கள். பொதுவாகச் சொல்லப்படுவது இது: ஒரே நாளில் ஒன்று முதல் ஒன்றரை கிலோ, அல்லது மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அன்றைக்கே அழைக்க வேண்டும். உடம்பு நன்றாக இருப்பதுபோல் தோன்றினாலும் அடுத்த செக்கப் வரை காத்திருக்கக் கூடாது. எடை ஏறாவிட்டாலும், தலையணை கூடினாலோ, வீக்கம் மேலேறினாலோ, படுத்தால் இருமல் வந்தாலோ, நடுராத்திரியில் மூச்சு முட்டி எழுந்து உட்கார்ந்தாலோ அழையுங்கள். சிலருக்கு எடை அதிகம் ஏறாமலேயே நிலை மோசமாகும். சரியாகச் சாப்பிடாமல் சதை கரைந்துகொண்டிருப்பவருக்கு அந்த இடத்தில் நீர் சேர்ந்து எண் அசையாமல் நிற்கலாம். எடையை மட்டும் நம்பக் கூடாது என்பது இதனால்தான்.

எடை இறங்குவதையும் விடக் கூடாது. வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தாலோ, எடை டிரை வெயிட்டுக்குக் கீழே இறங்கி எழுந்தால் தலை சுற்றினாலோ உடம்பில் நீர் வற்றியிருக்கலாம். அப்போது வழக்கமான நீர் மாத்திரையே சிறுநீரகத்தைப் பாதிக்கும். அன்றும் டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் இருந்தால் ரத்தக்கட்டாக இருக்கலாம், உடனே காட்டுங்கள்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு திணறுவது, நெஞ்சுவலி, மயக்கம், உதடு நீலம் பாய்வது, இளஞ்சிவப்பாக நுரைத்த சளி, திடீர்க் குழப்பம் என்று எது வந்தாலும் டைரியைப் புரட்டிக்கொண்டிராமல் 108-ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரும் வரை அவரைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி உட்கார வையுங்கள். மயங்கிவிட்டவரை மட்டும் உட்கார வைக்காதீர்கள்.

டாக்டரை அழைக்கும்போது "கொஞ்சம் வீங்கின மாதிரி இருக்கு சார்" என்று தொடங்கினால் போனில் எதையும் முடிவு செய்ய முடியாது. டிரை வெயிட் எவ்வளவு, இன்றைக்கு எவ்வளவு, எத்தனை நாளில் ஏறியது, குழி எதுவரை, எத்தனை தலையணை, நீர் மாத்திரையின் பெயரும் அளவும், புதிதாகப் போட்ட மாத்திரை, ஊறுகாய் கருவாடு அப்பளம் என்று கூடுதலாகச் சேர்ந்த உப்பு: இந்த வரிசையில் காலண்டரைப் பார்த்துப் படியுங்கள், ஒரு நிமிடம் போதும்.