மூன்று கம்பெனி, ஒரு டொமைன்

ஈரோட்டில் துணி மொத்த வியாபாரம் செய்யும் ஒருவர் கடைக்கு இணையதளம் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். டொமைன் பெயரை விலை குறைவாகக் கிடைத்த ஒரு கம்பெனியில் வாங்கினார். தளத்தைக் கட்டிய இளைஞர், ஹோஸ்டிங்கை வேறொரு கம்பெனியில் எடுத்தார். போகிற போக்கில் நேம்சர்வரை மூன்றாவது ஒரு கம்பெனிக்கு மாற்றிவிட்டார். திறப்பு விழா நாளில் முகவரியைத் தட்டினால் தளம் திறக்கவில்லை. குரோம் திரையில் DNS_PROBE_FINISHED_NXDOMAIN என்று வருகிறது. மூன்று கம்பெனிக்கும் போன் போட்டால் மூவரும் ஒரே பதிலைச் சொல்கிறார்கள்: “எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு சார்.”

எரிச்சலூட்டும் பதில்தான். ஆனால் பெரும்பாலும் மூவரும் பொய் சொல்வதில்லை. ஒவ்வொருவரும் தங்கள் கையில் இருக்கும் துண்டை மட்டும் பார்த்துச் சொல்கிறார்கள்.

பெயரை விற்றவர் ரிஜிஸ்ட்ரார். அந்தப் பெயர் இன்னாருக்கு உரியது என்று பதிந்துவைப்பதும், அதற்கான நேம்சர்வர்கள் எவை என்று மேலிடத்துக்குச் சொல்வதும் அவர் வேலை. அந்த மேலிடம் .com பெயர்களுக்கு வெரிசைன்; .in பெயர்களுக்கு நிக்ஸி. நேம்சர்வரை நடத்துபவரிடம்தான் விலாசப் பட்டியல் இருக்கும்: இந்தப் பெயரைக் கேட்டால் இந்த ஐபி எண்ணைச் சொல், மின்னஞ்சல் வந்தால் அந்த இடத்துக்கு அனுப்பு என்றெல்லாம். பக்கங்களும் படங்களும் கிடக்கும் கணினி வெப் ஹோஸ்டுடையது. மூன்று வேலையையும் ஒரே கம்பெனி செய்தால் பிரிவு கண்ணில் படாது. ஆளுக்கொன்றாகப் பிரிந்திருக்கும்போதுதான் குழப்பம்.

ஈரோட்டுக்காரர் செய்தது மிகச் சாதாரணமாக நடப்பது. ஹோஸ்டிங் கம்பெனி கொடுத்த ஐபி எண்ணை, டொமைன் வாங்கிய கம்பெனியின் பக்கத்தில் ‘A’ என்ற ரெக்கார்டில் போட்டுச் சேமித்தார். திரையும் சேமித்ததாகவே காட்டியது. ஆனால் நேம்சர்வர் ஏற்கெனவே மூன்றாவது கம்பெனிக்குப் போய்விட்டது. ரிஜிஸ்ட்ராரின் பட்டியலை இனி உலகில் யாரும் திறந்து பார்க்கப்போவதில்லை. பல கம்பெனிகள் இதை எச்சரிப்பதுகூட இல்லை என்பது கொஞ்சம் அநியாயம்.

எந்தப் பட்டியல் செல்லுபடியாகிறது என்று அறிய ஒரு வரி போதும். விண்டோஸின் கமாண்ட் விண்டோவில், example.com என்ற இடத்தில் தன் டொமைனைப் போட்டு இப்படித் தட்டலாம்:

```
nslookup -type=ns example.com
```

விடையில் வரும் நேம்சர்வர்களின் பெயரிலேயே பெரும்பாலும் கம்பெனியின் அடையாளம் இருக்கும். அங்கே போய்த்தான் ஐபி எண்ணை எழுத வேண்டும். அந்தக் கம்பெனியில் இந்த டொமைனுக்கென்று கணக்கே தொடங்கப்படவில்லை என்றால், நேம்சர்வர் பதில் தர மறுக்கும். Nslookup திரையில் Server failed என்றோ Query refused என்றோ வரும்.

நேம்சர்வரே இல்லை என்று விடை வந்தால் சந்தேகம் ரிஜிஸ்ட்ரார் மேல் திரும்ப வேண்டும். lookup.icann.org தளத்தில் டொமைனைப் போட்டால் அதன் நிலை தெரியும். அங்கே client hold என்று இருந்தால் ரிஜிஸ்ட்ரார் பெயரை நிறுத்திவைத்திருக்கிறார் என்று பொருள். .com போன்ற பெயர்களை வாங்கியவர், வரும் சரிபார்ப்பு மின்னஞ்சலை 15 நாளுக்குள் உறுதிசெய்யாவிட்டால் இப்படி நிறுத்திவைப்பது வழக்கம். அந்த மின்னஞ்சல் ஸ்பாமில் கிடக்கும்.

“48 மணி நேரம் பொறுங்கள்” என்ற பதிலைக் கொஞ்சம் நிதானித்துத்தான் ஏற்க வேண்டும். .com டொமைன்களின் நேம்சர்வர் விவரத்தை இரண்டு நாள் வரை நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று வெரிசைன் அனுமதிப்பது உண்மை. ஆனால் ‘.com-இல் இப்படி ஒரு பெயரே இல்லை’ என்ற பதிலின் ஆயுள் 15 நிமிடம்தான். புத்தம்புது பெயரைப் பழைய நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு. தவறான இடத்தில் எழுதிய ரெக்கார்டுக்கோ எத்தனை நாள் காத்திருந்தாலும் பலனில்லை.

ஐபி எண் சரியாக வந்தும் ஹோஸ்டிங் கம்பெனியின் விளம்பரப் பக்கமோ 404 பிழையோ திறந்தால், கோளாறு வெப் ஹோஸ்ட் பக்கம். ஒரே ஐபி எண்ணில் பல தளங்கள் குடியிருப்பது வழக்கம். உலாவி அனுப்பும் டொமைன் பெயரைப் பார்த்துத்தான் சர்வர் எந்தத் தளத்தைக் காட்டுவது என்று முடிவுசெய்கிறது. ஹோஸ்டிங் கணக்கில் அந்த டொமைனைச் சேர்க்காவிட்டால் அதற்குக் காட்ட எதுவும் இருக்காது. நேம்சர்வரைத் தாண்டி நேராகவே சோதிக்கவும் வழியுண்டு. ஹோஸ்ட் கொடுத்த எண் 203.0.113.25 என்றால்:

```
curl --resolve example.com:80:203.0.113.25 http://example.com/
```

தளத்தின் வரிகள் வந்து கொட்டினால் ஹோஸ்ட் தயார், பாக்கி நேம்சர்வரில். சில தளங்கள் https-க்கு அனுப்பும் ஒரு சிறு பதிலை மட்டும் தரும். அதுவும் நல்ல குறிதான். அதன்பின் உலாவி ‘பாதுகாப்பற்றது’ என்று மிரட்டினால் சான்றிதழ் இன்னும் வரவில்லை. லெட்ஸ் என்க்ரிப்ட் போன்றவை டொமைன் உண்மையில் அந்த சர்வருக்கு வந்து சேர்கிறதா என்று சோதித்துத்தான் சான்றிதழ் தருகின்றன. ஐபி எண்ணைத் திருத்தும் முன் முயன்று தோற்றிருந்தால், ஹோஸ்டிங் பக்கத்தில் எஸ்எஸ்எல் பொத்தானை மறுபடி ஒருமுறை அழுத்த வேண்டியிருக்கும்.