அக்கிக்கும் நிமோனியாவுக்கும் ஊசி: எதை முதலில் போடுவது?

அக்கி வந்தால் குயவர் வீட்டுக்குப் போய்க் காவியால் எழுதிக்கொள்ளும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. உடல் சூட்டினால் வருவது என்றும் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் அக்கியைத் தருவது, சிறுவயதில் நமக்கு வந்துபோன சின்னம்மையின் கிருமிதான். அம்மை இறங்கிய பிறகும் அது நரம்பு வேர்களில் உறங்கிக் கிடக்கிறது. வயது ஏறி, சர்க்கரை நோயும் சேர்ந்து எதிர்ப்புச் சக்தி குறையும்போது விழித்துக்கொள்கிறது. ஒரு நரம்பின் வழியே வெளிவருவதால், கொப்புளங்கள் உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாகத் தெரியும். அவை சில வாரங்களில் காய்ந்துவிடும். ஆனால் எரிச்சல் சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும். மேல்துணி உரசினாலே தாங்க முடியாது. கொப்புளம் கண்ட மூன்று நாள்களுக்குள் மாத்திரை தொடங்கினால்தான் நல்ல பலன் கிடைக்கும். குயவர் வீட்டுக்கு நடக்கும்போது கைநழுவிப்போவது இந்த மூன்று நாள்கள்தான்.

நிமோனியா உயிருக்கே ஆபத்தானது. நுரையீரலில் சளி கட்டி ஆக்சிஜன் குறைய, பழுதுபட்ட இதயம் இன்னும் வேகமாக உழைக்க வேண்டியிருக்கிறது. இரத்தச் சர்க்கரையும் தாறுமாறாக ஏறும். முதியவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமலும் இது வரலாம். திடீரென்று பேச்சில் குழப்பம், சாப்பாட்டில் வெறுப்பு, வேகமான மூச்சு ஆகியவற்றைக் கண்டால் காத்திருக்கக் கூடாது.

நம் பங்கில் 68 வயதுத் தாய் ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு, இதயத்தில் ஸ்டென்ட்டும் வைத்திருக்கிறார். நம் நாட்டில் அரசு நிமோனியா ஊசியைக் குழந்தைகளுக்கு இலவசமாகப் போடுகிறது; பெரியவர்கள் தங்கள் பணத்தில்தான் போட்டுக்கொள்ள வேண்டும். அக்கி ஊசியின் விலையோ மிக அதிகம், அதிலும் இரண்டு தவணை. கையில் ஒன்றுக்குத்தான் பணம் என்றால், இதய நோயாளி நிமோனியா ஊசியை முதலில் போடுவதே நல்லது என்போம். அக்கி தூக்கத்தைக் கெடுக்கும். நிமோனியா ஆளையே கொண்டுபோய்விடும்.

அந்தத் தாய் ஜனவரியில் 13 வகைக் கிருமிகளுக்கான நிமோனியா ஊசியைப் போட்டால், ஓராண்டு கழித்து 23 வகைக்கான ஊசியையும் போட வேண்டும். 20 வகைக்கான ஊசி கிடைத்தால் அது ஒன்றே போதும். அக்கி ஊசியைப் பிப்ரவரியில் போட்டால், அடுத்த தவணை ஏப்ரல் முதல் ஆகஸ்டுக்குள். முதல் ஊசிக்குக் கை வலித்தது, காய்ச்சல் அடித்தது என்று பலர் இரண்டாவதைப் போடாமல் விட்டுவிடுகிறார்கள். அந்த வலி ஓரிரு நாளில் போய்விடும். ஒரே தவணையின் பாதுகாப்போ குறைவு. அக்கி ஒருமுறை வந்தவர்களும் அது முழுதும் ஆறிய பின் போட்டுக்கொள்ளலாம்.

நிமோனியாவை உண்டாக்கும் கிருமிகள் பல. இந்த ஊசி அவற்றில் முக்கியமான ஒன்றின் வகைகளை மட்டுமே தடுக்கும். ஆகவே ஆண்டுதோறும் போடும் ஃபுளூ ஊசியை இதற்காக நிறுத்திவிடக் கூடாது.

ஸ்டென்ட் வைத்தவர்கள் இரத்தம் உறையாதிருக்க மாத்திரை சாப்பிடுவதை ஊசி போடுபவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். ஊசி குத்திய இடத்தைத் தேய்க்காமல், இரண்டு நிமிடமாவது அழுத்திப் பிடித்தால் போதும்.