செம்புத் தகட்டை ஏன் தொட வேண்டும்?

நடுவர்களே, நாங்கள் எம். புதுப்பட்டி மாணவர்கள். பட்டாசு ஆலையில் மருந்து அறைக்குள் நுழையும் முன், மண்ணில் புதைத்த கம்பியோடு இணைந்த செம்புத் தகட்டைத் தொடச் சொல்வார்கள். அது ஏன் என்பதுதான் எங்கள் திட்டம்.

பாலியஸ்டர் துணி உரசும்போது உடலில் மின்னூட்டம் சேர்கிறது. வறண்ட நாளில் அது 10,000 வோல்ட் வரை போகலாம். உடலின் மின்தேக்குதிறனை 100 பிகோஃபாரட் என்று வைத்தால், பொறியின் ஆற்றல் 5 மில்லிஜூல். நுண்ணிய அலுமினியப் பொடி கலந்த மருந்து பற்ற அதைவிடக் குறைவே போதலாம். 3,000 வோல்ட்டுக்குக் கீழே பொறி பாய்ந்தால் நமக்கு உறைப்பதே இல்லை. அதனால் உடம்பை நம்ப முடியாது.

இந்தக் கண்ணாடிப் புட்டிக்குள் ஒரு செம்புக் கம்பி, அதன் நுனியில் இரண்டு அலுமினியத் தாள் இதழ்கள். துணியில் உரசிய சீப்பால் கம்பியைத் தடவுகிறேன், இதழ்கள் விரிகின்றன. கம்பியைச் செம்புத் தகட்டோடு சேர்க்கிறேன், உடனே சுருங்குகின்றன.

இப்போது பாருங்கள் அம்மா, இதுதான் எங்களுக்கு முக்கியமாகப் பட்டது. உரசிய பிளாஸ்டிக் மூடியைத் தகட்டில் தொட்டு எடுத்துப் புட்டியருகே கொண்டுவந்தாலும் இதழ்கள் விரிகின்றன. பிளாஸ்டிக்கில் மின்னூட்டம் நகராது; தொட்ட இடத்தில் மட்டுமே இறங்கும். ஆகவே தகடு ஆளைக் காக்கும். அவர் கையிலுள்ள பிளாஸ்டிக் வாளிக்கு அது பயன்படாது. நீங்களே ஒருமுறை தொட்டுச் சோதித்துப் பாருங்கள்.